சந்தை ஆடும்போது பணத்தைக் குறைக்கும் கணக்கு: 'வாலட்டிலிட்டி டார்கெட்டிங்' உங்களைக் காப்பாற்றுமா?

2020 மார்ச் 23, திங்கட்கிழமை. காலையில் சந்தை திறந்து கொஞ்ச நேரத்திலேயே 10% வீழ்ச்சி. விதிப்படி வர்த்தகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. மறுபடி திறந்தும் சரிவு நிற்கவில்லை. அன்று மாலை நிஃப்டி 50 குறியீடு 7,610.25 புள்ளிகளில் முடிந்தது. ஒரே நாளில் 12.98% போய்விட்டது.

அந்த நாளை நினைவில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, 'முன்கூட்டியே வெளியே வந்திருக்க முடியாதா?' என்பதுதான். எந்தத் தேதியில் சரியும் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. ஆனால், அந்தத் திங்கட்கிழமைக்கு முன்பே சந்தை வழக்கத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் ஆட ஆரம்பித்திருந்தது. அது விலைப் பட்டியலிலேயே தெரிந்தது. அந்த ஆட்டத்தை மட்டும் அளந்து, அதற்குத் தகுந்த மாதிரி பங்குச் சந்தையில் வைத்திருக்கும் பணத்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் வாலட்டிலிட்டி டார்கெட்டிங்.

ஸெரோதா, க்ரோ என நாட்டின் பெரிய ஆன்லைன் புரோக்கர்கள் பெங்களூருவில் இருந்துதான் இயங்குகிறார்கள். ஐ.டி. வேலை, கையில் கொஞ்சம் சேமிப்பு, எக்ஸெல் தெரியும், பைத்தானும் தெரியும் என்கிற கூட்டமும் இங்கே அதிகம். அதனால் இந்த உத்தியை 'நாமே செய்து பார்க்கலாமே' என்ற எண்ணம் வருவது இயல்பு. செய்து பார்ப்போம். 2020-ன் உண்மையான நிஃப்டி எண்களை வைத்தே பார்ப்போம்.

கணக்கு எப்படி வேலை செய்கிறது?

முதலில் ஓர் இலக்கு வேண்டும். 'என் மொத்தப் பணமும் ஒரு சாதாரண நாளில் சுமார் 1% மேலே கீழே போனால் எனக்குப் பிரச்னை இல்லை' என்று நீங்கள் முடிவு செய்கிறீர்கள் என வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குச் சுமார் 252 வர்த்தக நாட்கள். அதன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 16. ஆகவே நாளுக்கு 1% என்பது, நிதித் துறைக்காரர்கள் பேசும் பாஷையில், ஆண்டுக்கு 16% வாலட்டிலிட்டி.

அடுத்து, சந்தை இப்போது எவ்வளவு ஆடுகிறது என்று அளக்க வேண்டும். ஒவ்வொரு நாளின் ஏற்ற இறக்கத்தையும் வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். வர்க்கப்படுத்துவதால் ஏறியதா, இறங்கியதா என்பது இங்கே கணக்கில் வராது. எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பது மட்டுமே வரும்.

கடைசியில் ஒரு வகுத்தல். இலக்கை அளவால் வகுக்க வேண்டும், அவ்ளோதான். சந்தை நாளுக்கு 2% ஆடினால், 1-ஐ 2-ஆல் வகுத்து, பாதிப் பணம் மட்டும் நிஃப்டியில். மீதி லிக்விட் ஃபண்டிலோ வங்கியிலோ. சந்தை 4% ஆடினால் கால் பங்கு. அது 1%-க்குக் கீழே அடங்கிவிட்டால் முழுப் பணமும் நிஃப்டியில். கணக்குப்படி அப்போது 100%-க்கு மேலும் போகலாம். பெரிய நிறுவனங்கள் கடன் வாங்கி அப்படிச் செய்வதும் உண்டு. நாம் 100%-லேயே நிறுத்திக்கொள்வோம்.

சராசரி எடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நேற்று நடந்ததும் இரண்டு மாதத்துக்கு முன் நடந்ததும் ஒன்றல்லவே! அதனால் புதிய நாளுக்கு அதிக எடை, பழைய நாளுக்குக் குறைந்துகொண்டே போகும் எடை. வழக்கமாகப் பயன்படும் விகிதம், பழைய அளவுக்கு 0.94, இன்றைய நாளுக்கு 0.06. இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். 1998-ல் ஐஐஎம் அகமதாபாத் பேராசிரியர் ஜே.ஆர்.வர்மா தலைமையிலான குழு, இந்தியாவில் வரவிருந்த இண்டெக்ஸ் ஃபியூச்சர்ஸ் சந்தைக்கு மார்ஜின் எப்படி வசூலிக்க வேண்டும் என்று செபிக்குச் சொன்னபோது பரிந்துரைத்ததும் இதே முறைதான். சந்தை அதிகம் ஆடினால் மார்ஜின் ஏறும். அதே பணத்துக்குக் குறைவான காண்ட்ராக்ட்தான் எடுக்க முடியும். யோசித்துப் பாருங்கள், இந்த உத்தியை எக்ஸ்சேஞ்ச் ஏற்கெனவே உங்கள் மீது பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

ஸ்பிரெட்ஷீட்டில் இரண்டே வரி. D பத்தியில் அன்றைய நிஃப்டி மாற்றம் சதவீதத்தில், E பத்தியில் வர்க்கங்களின் சராசரி, F பத்தியில் அடுத்த நாளுக்கு நிஃப்டியில் வைக்க வேண்டிய பங்கு:

```
E3 = 0.94*E2 + 0.06*D3^2
F3 = MIN(1, 1/SQRT(E3))
```

மார்ச் 2020-ல் என்ன நடந்திருக்கும்?

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெள்ளந்தூரில் வேலை பார்க்கும் கார்த்திக். நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் 10 லட்சம் ரூபாய் வைத்திருக்கிறார். ஏப்ரலில் ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும். அவருடைய சம்பளமும் கம்பெனி ஷேர்களும் அதே பொருளாதாரத்தை நம்பித்தான் இருக்கின்றன. சந்தை விழும் அதே மாதத்தில் வேலைக்கும் ஆபத்து வரலாம் என்பதுதான் அவருடைய உண்மையான ரிஸ்க்.

2020 பிப்ரவரி 27 அன்று நிஃப்டி 11,633.30. அதற்கு முந்தைய 20 நாட்களின் ஆட்டம் நாளுக்குச் சுமார் 1%. அதனால் கார்த்திக்கின் முழுப் பணமும் நிஃப்டியில் இருக்கலாம் என்று கணக்கு சொல்லும்.

மறுநாள், 28-ம் தேதி, நிஃப்டி 3.71% விழுகிறது. அந்த அடியை அவர் முழுசாக வாங்குகிறார். அன்று மாலை கணக்கு போட்டால் ஆட்டத்தின் அளவு 1.33%. நிஃப்டியில் 75% போதும். மார்ச் முதல் வாரம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 9-ம் தேதி 4.90% சரிவு. பங்கு 56% ஆகிறது. 12-ம் தேதி 8.30% சரிவு. பங்கு 38%.

13-ம் தேதிதான் சுவாரஸ்யம். காலையில் 10% விழுந்து வர்த்தகம் நின்று, மாலைக்குள் 3.81% லாபத்தில் முடிந்தது. நிறைய பேர் 'அப்பாடா, அடிமட்டம் வந்துவிட்டது' என்றார்கள். நம் கணக்கு அப்படி நினைக்கவில்லை. 3.81% ஏறியதும் அதற்கு ஓர் ஆட்டம்தான். பங்கை 37% ஆக்கியது. 20-ம் தேதி வெள்ளிக்கிழமை சந்தை 5.83% ஏறியபோதும் அதேதான், 28%-க்கு இறக்கியது. அடுத்த வர்த்தக நாள்தான் அந்தத் திங்கட்கிழமை. நிஃப்டி 12.98% விழுந்தபோது கார்த்திக்கின் மொத்தப் பணம் 3.6% மட்டுமே விழுகிறது.

பிப்ரவரி 27 முதல் மார்ச் 23 வரை சும்மா இருந்தவரின் 10 லட்சம் 6.54 லட்சமாகியிருக்கும். கணக்கைப் பின்பற்றியவரிடம் 8.14 லட்சம் இருந்திருக்கும். (லிக்விட் ஃபண்டின் வட்டி, வரி, கட்டணம் எதையும் நான் சேர்க்கவில்லை.)

பெரிய ஆட்டத்துக்குப் பின் பெரிய ஆட்டம் வரும், அமைதிக்குப் பின் அமைதி வரும். இந்த ஒரு பழக்கத்தை நம்பித்தான் மொத்த உத்தியும் நிற்கிறது. காரணமும் இருக்கிறது. விலை சரிந்ததும் மார்ஜின் ஏறுகிறது, மார்ஜின் கட்ட முடியாதவர்கள் விற்கிறார்கள், அந்த விற்பனையே அடுத்த சரிவைக் கொண்டுவருகிறது. ஒரு கெட்ட செய்தியின் முழு அர்த்தம் புரியவும் சந்தைக்குச் சில வாரங்கள் ஆகும். ஆனால் கவனியுங்கள். இலக்கு நாளுக்கு 1%. மார்ச் 12 அன்று கார்த்திக்கின் இழப்பு 4.8%. 'டார்கெட்' என்ற பெயரை உத்தரவாதம் என்று வாசிக்கக் கூடாது.

அப்படியென்றால் இது லாபமா?

மேலே உள்ள கதையோடு பல யூடியூப் வீடியோக்கள் முடிந்துவிடும். நாம் இன்னும் ஐந்து வாரம் போவோம்.

மார்ச் 23-க்குப் பிறகு நிஃப்டி மீண்டது. ஏப்ரல் 7 அன்று மட்டும் 8.76% ஏற்றம். ஏப்ரல் 30 அன்று 9,859.90, அதாவது அடிமட்டத்தில் இருந்து கிட்டத்தட்ட 30% மேலே. இந்தக் காலம் முழுவதும் கார்த்திக்கின் பங்கு எவ்வளவு? 21%-க்கும் 29%-க்கும் இடையில். அவருக்குக் கிடைத்தது 6.6% மட்டும்.

ஏன் இவ்வளவு மெதுவாகத் திரும்புகிறது? 0.94 என்ற எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு நாளின் தாக்கம் பாதியாகக் குறைய சுமார் 11 வர்த்தக நாட்கள் ஆகும். மார்ச் 23-ன் 12.98% ஒரு பெரிய பாறை மாதிரி அந்தச் சராசரிக்குள் விழுந்து கிடக்கிறது. அது கரைவதற்குள், ஏறுமுகத்தின் பெரிய நாட்களும் 'ஆட்டம்' என்றே பதிவாகி, அளவைக் கீழே வரவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. 0.94-க்குப் பதில் 0.85 வைத்தால் சீக்கிரம் திரும்பும்தான். ஆனால் ஒவ்வொரு சின்ன சத்தத்துக்கும் வாங்கி விற்றுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏப்ரல் 30 அன்று இருவரின் கையிலும் என்ன இருந்திருக்கும் என்று பாருங்கள். சும்மா இருந்தவரிடம் 8.48 லட்சம். கணக்கைப் பின்பற்றியவரிடம் சுமார் 8.68 லட்சம். ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இருந்த இடைவெளி 20 ஆயிரம் ரூபாயாகச் சுருங்கிவிட்டது. வரி, கட்டணம் சேர்த்தால் அதிலும் ஒரு பகுதி போய்விடும்.

என் பார்வையில் இந்த உத்தியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான எண் இதுதான். கார்த்திக் வாங்கியது கூடுதல் லாபத்தை அல்ல. வழியில் 6.54 லட்சத்தைப் பார்க்காமல் இருக்கும் வசதியை வாங்கினார். மார்ச் கடைசியில் அவருக்குப் பணம் தேவைப்பட்டிருந்தால் அந்த வசதிக்கு 1.6 லட்சம் மதிப்பு. இருபது ஆண்டு கழித்துத்தான் அந்தப் பணத்தைத் தொடுவார் என்றால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. (அப்படிப்பட்டவர் பதற்றத்தில் எல்லாவற்றையும் விற்றுவிடாமல் இருந்தால்! அது வேறு கதை.)

ஆய்வாளர்களிடையேயும் இதே சண்டைதான். 2017-ல் ஆலன் மொரேரா, டைலர் மியூர் இருவரும் ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ் இதழில், இப்படி ரிஸ்க்கைக் கட்டுப்படுத்தினால் எடுக்கும் ரிஸ்க்குக்குக் கிடைக்கும் லாபமும் மேம்படுகிறது என்று எழுதினார்கள். 2020-ல் ஸ்காட் செடர்பர்க் உள்ளிட்ட நால்வர் 103 பங்குச் சந்தை உத்திகளில் இதைச் சோதித்துவிட்டு, அன்றன்றைக்குத் தெரிந்த தகவலை மட்டும் வைத்துச் செய்தால் அந்த மேம்பாடு தொடர்ச்சியாகக் கிடைப்பதில்லை என்றார்கள். ரிஸ்க் சீராகும் என்பதில் பெரிய சண்டை இல்லை. லாபம் கூடுமா என்பதில்தான்.

எப்போது சொதப்பும்?

2024 ஜூன் முதல் வாரம் நல்ல உதாரணம். மே 31 அன்று நிஃப்டி 22,530.70. சந்தை அமைதியாக இருந்ததால் நம் கணக்குப்படி முழுப் பணமும் உள்ளே. ஜூன் 3, எக்ஸிட் போல் உற்சாகத்தில் 3.25% ஏற்றம். ஆட்டத்தின் அளவு 1%-ஐத் தாண்டியதால் பங்கு 91% ஆகிறது. ஜூன் 4, தேர்தல் முடிவு. 5.93% வீழ்ச்சி. அடியில் பத்தில் ஒன்பது பங்கை வாங்கியாகிவிட்டது. அதன் பிறகுதான் கணக்கு விழித்துக்கொண்டு பங்கை 56%-க்குக் குறைக்கிறது. ஜூன் 5-ல் சந்தை 3.36% ஏற்றம். ஜூன் 7-ல் இன்னொரு 2.05%. வார முடிவில் நிஃப்டி 23,290.15. சும்மா இருந்தவருக்கு 3.4% லாபம், நம் ஆளுக்கு 1.1%.

ஒரு தேதியில் வந்து, அதே தேதியில் தீர்ந்துபோகும் அதிர்ச்சிக்கு இந்த முறையிடம் மருந்து இல்லை. தேர்தல் முடிவு, பட்ஜெட் எல்லாம் இந்த ரகம். அதற்கு முந்தைய நாட்கள் அமைதியாகவே இருக்கும். அந்த அமைதியைப் பார்த்துவிட்டுக் கணக்கு 'உள்ளே போ' என்று சொல்லும்.

பேக்டெஸ்ட் பார்க்கும்போது எங்கே ஏமாறுவீர்கள்?

மேலே உள்ள இரண்டு வரி சூத்திரத்தை வைத்து நீங்களே ஷீட் தயாரித்தால், 3-ம் வரிசையின் நிஃப்டி மாற்றத்தை 2-ம் வரிசையின் பங்கால்தான் பெருக்க வேண்டும், அதாவது D3-ஐ F2-ஆல். தவறுதலாக F3-ஆல் பெருக்கினால், விழுந்த பிறகு தெரிந்த தகவலை விழுவதற்கு முன்பே தெரிந்ததாக வைத்துக்கொள்கிறீர்கள். மார்ச் 12 அன்று இழப்பு 4.8%-க்குப் பதில் 3.2% என்று அழகாகத் தெரியும். யாராவது காட்டும் முடிவு சந்தேகமாக இருந்தால், அமைதியான காலத்தில் வந்த முதல் பெரிய சரிவு நாளைத் தேடுங்கள். இங்கே அது 2020 பிப்ரவரி 28. அன்று உத்தியின் இழப்பு சந்தையின் இழப்புக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் அந்த ஷீட்டில் நாளைய செய்தித்தாள் ஒளிந்திருக்கிறது.

நிஜத்தில் இன்னொரு தாமதமும் உண்டு. இண்டெக்ஸ் ஃபண்டை விற்க மதியம் 3 மணிக்குள் ஆர்டர் போட்டால்தான் அன்றைய விலை. மாலை சந்தை முடிந்த பிறகு கணக்கு போட்டால், மறுநாள் முடிவு விலைக்குத்தான் விற்க முடியும். இந்தக் கூடுதல் ஒரு நாளைச் சேர்த்து மார்ச் 2020-ஐ மீண்டும் ஓட்டிப் பார்த்தேன். 8.14 லட்சம் அப்படியே இருந்தது. ஆட்டம் மூன்று வாரம் நீடித்ததால் ஒரு நாள் தாமதம் பெரிதாக வலிக்கவில்லை. 2024 ஜூன் மாதிரியான வாரத்தில் அந்த ஒரு நாளே எல்லாமும்.

'இதைத்தானே பேலன்ஸ்டு அட்வான்டேஜ் ஃபண்டுகள் செய்கின்றன?' என்று கேட்கலாம். பெரும்பாலும் இல்லை. அந்த வகையில் பல ஃபண்டுகள் பங்குகள் மலிவா, விலை அதிகமா என்று பி/இ, பி/பி விகிதங்களைப் பார்த்து அளவை மாற்றுபவை. மார்ச் 2020 மாதிரி சந்தை விழும்போது அந்த வகைக் கணக்கு 'மலிவு, வாங்கு' என்று சொல்லும். நம் கணக்கு 'ஆடுது, குறை' என்று சொல்லும். இரண்டும் நேர் எதிர். உங்கள் ஃபண்ட் எந்த ரகம் என்பதை அதன் திட்ட ஆவணத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

நீங்களே செய்வதென்றால்

ஒவ்வொரு மாற்றத்துக்கும் செலவு உண்டு. பங்குச் சந்தை ஃபண்டை ஓராண்டுக்குள் லாபத்தில் விற்றால் இப்போது 20% வரி. ஓராண்டைத் தாண்டினால், ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5%. ஃபண்டைத் தொடாமல் நிஃப்டி ஃபியூச்சர்ஸை விற்று ஈடுகட்டலாமே என்றால், 2024 நவம்பரில் இருந்து ஒரு காண்ட்ராக்டின் குறைந்தபட்ச மதிப்பை செபி 15 லட்சம் ரூபாயாக உயர்த்திவிட்டது. 10 லட்சம் வைத்திருக்கும் கார்த்திக்குக்கு அது சரிப்படாது.

நடைமுறையில் செலவைக் குறைக்கப் பயன்படுத்தும் வழி, ஓர் இடைவெளி வைத்துக்கொள்வது. கணக்கு சொல்லும் பங்குக்கும் உங்களிடம் இருக்கும் பங்குக்கும் 10 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மட்டும் மாற்றுவது. பிப்ரவரி 28 முதல் மார்ச் 23 வரையிலான 16 வர்த்தக நாட்களில் இந்த விதிப்படி நான்கு முறைதான் ஆர்டர் போட வேண்டியிருக்கும். பிப்ரவரி 28, மார்ச் 9, 12, 23. இடையில் 38%-லேயே உட்கார்ந்திருந்ததால் அந்தத் திங்கட்கிழமை இழப்பு 3.6%-க்குப் பதில் 4.9%. கையில் மிஞ்சுவது 8.14 லட்சத்துக்குப் பதில் 8.02 லட்சம். பன்னிரண்டு ஆர்டர்களைத் தவிர்ப்பதற்கு அந்த 12 ஆயிரம் ரூபாய் விலை.